பாக்கெட்டின் பின்பக்கம் போட்டிருக்கும் ‘18 சதவீதம்’ யாருடைய கணக்கு?

2024 ஜூலையில் ஒரு செய்தி வந்தது. பாக்கெட் உணவுகளில் சர்க்கரை, சோடியம், நிறைகொழுப்பு ஆகிய மூன்றின் அளவையும் தடித்த, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்ற திருத்தத்துக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) கொள்கை அளவில் ஒப்புதல் தந்திருந்தது. எழுத்து பெரிதானால் நல்லதுதானே என்று பலரும் வரவேற்றார்கள். நல்லதுதான். ஆனால் பெரிதாக்கச் சொன்ன எண் எது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. அது ‘ஒரு சர்விங்குக்கு, ஒரு நாள் அளவில் எத்தனை சதவீதம்’ என்ற எண். ஒரு தடவை சாப்பிடுவதாக லேபிள் வைத்துக்கொள்ளும் அளவுதான் சர்விங்.

லேபிளில் வாங்குபவரை மிக எளிதாகத் தவறாக எண்ண வைப்பதும் அதே எண்தான். அது எப்படி வருகிறது என்று தெரிந்தால் சர்க்கரை வரியும் உப்பு வரியும் தாமாகப் புரியும். ஒவ்வாமை எச்சரிக்கை மட்டும் வேறு வகை. அதில் எண்ணே கிடையாது, அதனால் அதைப் படிக்கும் முறையும் வேறு.

அட்டவணையில் இருக்கும் இரண்டு கணக்குகள்

இந்தியாவில் பாக்கெட் உணவுகளின் லேபிளுக்கு இப்போது நடைமுறையில் இருப்பவை 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள். அவற்றின்படி ஊட்டச்சத்து அட்டவணையில் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும்.

1. 100 கிராமில் அல்லது 100 மில்லியில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. ஒரே தடவையில் தின்று முடிக்கும் சின்ன பாக்கெட் என்றால், அந்தப் பாக்கெட் முழுவதற்குமான அளவைத் தரலாம்.

2. ஒரு சர்விங் சாப்பிட்டால், ஒரு நாள் அளவில் எத்தனை சதவீதம் உள்ளே போகிறது என்ற கணக்கு. லேபிளில் இதை ‘ஆர்டிஏ’ என்று போட்டிருப்பார்கள்.

முதலாவது, பொருளைப் பற்றிய உண்மை. ஆய்வகத்தில் அளந்து சரிபார்க்கக்கூடியது. பாக்கெட் பெரிதானாலும் சிறிதானாலும் அது மாறாது. இரண்டாவது அப்படியல்ல. அதற்குள் இரண்டு அனுமானங்கள் இருக்கின்றன: நீங்கள் எவ்வளவு சாப்பிடுவீர்கள் என்பது ஒன்று, நீங்கள் யார் என்பது இன்னொன்று.

‘நீங்கள் யார்’ என்பதற்கு விதிமுறை ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கிறது: நாளைக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் சராசரிப் பெரியவர். அவருக்கு ஒரு நாளைக்கு, உணவில் தனியாகச் சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம், நிறைகொழுப்பு 22 கிராம் என்று வைத்துக்கொண்டுதான் சதவீதம் போடுகிறார்கள். இதில் ஒரு சொல் குழப்பம் உண்டு. ‘ஆர்டிஏ’ என்பதை விரித்து ‘பரிந்துரைக்கப்பட்ட அளவு’ என்று படித்தால் அவ்வளவு சாப்பிட்டாக வேண்டும் போலத் தோன்றும். புரதத்துக்கு அப்படிச் சொல்லலாம். சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்பது தேவை இல்லை, தாண்டக் கூடாத உச்சவரம்பு. அந்த வரியில் சதவீதம் குறையக் குறைய நல்லது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பும் இதையொட்டியதே. தனியாகச் சேர்க்கும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்குள் கொண்டுவரலாம் என்கிறது அது. தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இருக்கும் சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேரும். 2000 கிலோ கலோரிக்குப் பத்தில் ஒரு பங்கு என்றால் 50 கிராம், இருபதில் ஒரு பங்கு என்றால் 25 கிராம்.

சர்விங் சைஸை யார் முடிவு செய்கிறார்கள்?

‘நீங்கள் எவ்வளவு சாப்பிடுவீர்கள்’ என்ற அனுமானத்தை நம் ஊரில் தயாரிப்பாளர்தான் வைக்கிறார். லேபிளில் ‘சர்விங் சைஸ்’ அல்லது ‘சர்வ் சைஸ்’ என்று ஒரு கிராம் அளவு போட்டிருக்கும். இந்த வகை பிஸ்கட்டுக்கு இத்தனை கிராம், இந்த வகை மிக்சருக்கு இத்தனை கிராம் என்று எல்லா நிறுவனங்களும் ஒரே அளவைப் பயன்படுத்தும்படியான பட்டியல் இங்கே இல்லை.

அமெரிக்காவில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. மக்கள் ஒரு தடவையில் உண்மையிலேயே எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து, உணவு வகைவாரியாக அரசே அளவு நிர்ணயிக்கிறது. மக்கள் குடிக்கும் அளவு கூடியதால், 2016இல் குளிர்பானத்தின் அளவை 8 அவுன்ஸிலிருந்து 12 அவுன்ஸாக உயர்த்தினார்கள். அதாவது, ஏறக்குறைய 240 மில்லியிலிருந்து 360 மில்லியாக. மக்கள் இவ்வளவு குடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குடிப்பதை ஒட்டி லேபிள் பேச வேண்டும் என்பதுதான் அந்த மாற்றத்தின் காரணம்.

சர்விங் சைஸ் ஓர் அறிவுரையும் அல்ல என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘2 பிஸ்கட்’ என்று போட்டிருந்தால், இரண்டு சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று எந்த மருத்துவரும் சொன்னதாக அர்த்தம் இல்லை. கணக்குப் போடுவதற்காக எடுத்துக்கொண்ட ஓர் அலகு, அவ்வளவுதான்.

ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம்

ஒரு மாதிரி லேபிளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே இருக்கும் எண்கள் எந்த நிறுவனத்தின் லேபிளும் அல்ல, கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் கடை அலமாரியில் கிரீம் பிஸ்கட்டை எடுத்துத் திருப்பினால் இதை ஒட்டிய எண்களைப் பார்க்கலாம்.

பாக்கெட்டின் நிகர எடை 150 கிராம். உள்ளே 12 பிஸ்கட், ஒவ்வொன்றும் 12.5 கிராம். சர்விங் சைஸ் 25 கிராம், அதாவது 2 பிஸ்கட். 100 கிராமில் மொத்தச் சர்க்கரை 37 கிராம், அதில் சேர்த்த சர்க்கரை 36 கிராம். சேர்த்த சர்க்கரைக்கு எதிரே சர்விங்குக்கு 18 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

1. அந்த 18 எப்படி வந்தது? 100 கிராமுக்கு 36 கிராம் என்றால் 25 கிராமுக்கு 9 கிராம். 50இல் 9 என்பது 18 சதவீதம். கணக்கில் தப்பு இல்லை.

2. மாலையில் டீயோடு நாலு பிஸ்கட் போகிறது. அது 50 கிராம். சர்க்கரை 18 கிராம், 36 சதவீதம். டீயில் போட்ட சர்க்கரை இதில் சேரவில்லை.

3. பயணத்தில் ஒருவரே பாக்கெட்டை முடித்துவிட்டார். சர்க்கரை 54 கிராம், 108 சதவீதம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறக்குறைய 4 கிராம் என்று வைத்தால், பதின்மூன்று கரண்டிக்கு மேல்.

4. இப்போது பிஸ்கட்டில் எதையும் மாற்றாமல், சர்விங் சைஸை மட்டும் ‘1 பிஸ்கட், 12.5 கிராம்’ என்று மாற்றிப் பாருங்கள். லேபிளில் 18 போய் 9 சதவீதம் வந்துவிடும்.

நாலாவது புள்ளிதான் முக்கியம். அதே மாவு, அதே கிரீம், அதே சர்க்கரை. எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், அந்த 9 பெரிய எழுத்தில் தெரியும், அவ்வளவுதான். 100 கிராமில் 36 கிராம் சர்க்கரை, அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை என்ற செய்தி சின்ன எழுத்திலேயே தங்கிவிடும். பெரிதாக்குவதென்றால் 100 கிராம் எண்ணைப் பெரிதாக்குவதே நியாயம் என்பது என் கருத்து.

இதே பிஸ்கட்டை ஐந்து வயதுக் குழந்தை சாப்பிட்டால் சதவீதம் இன்னும் விலகிப்போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளைக்கு 1360 கிலோ கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்கு 136 கிலோ கலோரி. ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோ கலோரி என்பதால், அந்தக் குழந்தையின் உச்சவரம்பு 34 கிராம்தான். நாலு பிஸ்கட்டின் 18 கிராம், பெரியவருக்கு 36 சதவீதம். குழந்தைக்கு அது பாதிக்கு மேல். பாக்கெட்டின் முன்பக்கம் கார்ட்டூன் படம் இருந்தாலும் பின்பக்கச் சதவீதம் பெரியவரின் கணக்கில்தான் போடப்பட்டிருக்கும்.

ஆகவே கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: 100 கிராமுக்கான அளவு, நிகர எடை. இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட முதல் எண் போதும். வீட்டில் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரிய இரண்டாவதும் வேண்டும். 150 கிராம் பாக்கெட் என்றால் ஒன்றரை மடங்கு, 50 கிராம் பாக்கெட் என்றால் பாதி. மனக்கணக்கே போதும். ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை: ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளில் அட்டவணை சில நேரம் பாக்கெட் முழுவதற்கும் இருக்கும். அதை இன்னொன்றின் 100 கிராம் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் சின்ன பாக்கெட் நல்லது போலத் தோன்றிவிடும். அட்டவணையின் தலைப்பு வரியை முதலில் பாருங்கள்.

சர்க்கரை: ஒரு வரி போதாது

அட்டவணையில் ‘கார்போஹைட்ரேட்’ என்ற வரிக்குக் கீழே, சற்று உள்ளே தள்ளி ‘டோட்டல் சுகர்ஸ்’, ‘ஆடட் சுகர்ஸ்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். அவை தனித்தனி அல்ல, ஒன்றுக்குள் ஒன்று. கார்போஹைட்ரேட்டில் ஒரு பகுதி மொத்தச் சர்க்கரை, அதில் ஒரு பகுதி சேர்த்த சர்க்கரை.

இந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்று பால் பொருட்களில் தெளிவாகத் தெரியும். பாலில் இயற்கையாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை 100 மில்லிக்கு ஐந்து கிராமை ஒட்டி இருக்கிறது. ஒரு லஸ்ஸி பாக்கெட்டில் மொத்தச் சர்க்கரை 15, சேர்த்தது 11 என்று போட்டிருந்தால், நாலு கிராம் பாலுடையது, மீதி ஆலையில் போட்டது. சர்க்கரை போடாத தயிரில் ‘சேர்த்தது’ என்ற வரி சுழியமாக இருக்கும், ‘மொத்தம்’ என்ற வரி சுழியமாக இருக்காது. அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சேர்த்த சர்க்கரை வரியோடு நிறுத்தினால் ஏமாறுவார்கள். மைதா சர்க்கரை இல்லை. ஆனால் செரித்தபின் அதுவும் குளுக்கோஸாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று உண்டு, மாவுப் பொருளைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்தது. வேதியியல் கணக்கில் அதன் பெரும்பகுதி ‘சர்க்கரை’ வரியில் வராது, கார்போஹைட்ரேட்டில்தான் நிற்கும். உடம்போ அதை வேகமாகவே குளுக்கோஸாக மாற்றிவிடும். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று முன்பக்கம் போட்ட பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 65, 70 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கலாம். அந்த வாசகம் பொய்யாக இருக்காது. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய பதில் அதில் இல்லை, கார்போஹைட்ரேட் வரியில் இருக்கிறது.

முன்பக்க வாசகங்களில் சிலவற்றுக்குச் சட்டத்தில் அளவு உண்டு. ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘குறைந்த சர்க்கரை’ என்றால் திடப்பொருளில் 100 கிராமுக்கு 5 கிராமுக்குள், பானத்தில் 100 மில்லிக்கு 2.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நம் மாதிரி பிஸ்கட்டின் 36ஐ இந்த 5க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தூரம் தெரியும்.

சேர்மானப் பட்டியலையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதல் மூன்றில் இருந்தால் செய்தி அங்கேயே கிடைத்துவிட்டது. ஆனால் இனிப்பு ஒரே பெயரில் வர வேண்டும் என்று இல்லை. சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், தேன், வெல்லம் என்று நாலைந்தாகப் பிரிந்து வந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குறைவு என்பதால் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மொத்தத்தைச் சொல்வது அட்டவணைதான். வெல்லமும் தேனும் சேர்த்த சர்க்கரையே. ‘நாட்டுச் சர்க்கரையில் செய்தது’ என்று விற்கும் பண்டத்திலும் அந்த வரியைப் பார்க்க வேண்டும்.

உப்பு: சோடியத்தை இரண்டரையால் பெருக்குங்கள்

அட்டவணையில் ‘உப்பு’ என்று தேடினால் கிடைக்காது. ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் இருக்கும். சமையல் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம், மீதி குளோரைடு. அதனால் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். 2000 மில்லிகிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. குழம்பு, பொரியல், சோறு வடித்த உப்பு, ஊறுகாய், மாலைப் பலகாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

ஒரு மிக்சர் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இதுவும் கணக்குக்கான மாதிரிதான். நிகர எடை 200 கிராம், சர்விங் 20 கிராம், 100 கிராமில் சோடியம் 800 மில்லிகிராம். லேபிளில் சர்விங்குக்கு 8 சதவீதம் என்று இருக்கும். 20 கிராம் மிக்சர் எவ்வளவு என்று வீட்டில் தராசு இருந்தால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் அடங்கிவிடும். சின்னக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டால் 50 கிராம் சாதாரணமாகப் போகும். அப்போது சோடியம் 400 மில்லிகிராம், உப்பு ஒரு கிராம், நாளின் அளவில் ஐந்தில் ஒன்று. சாப்பாடு இன்னும் தொடங்கவில்லை.

இங்கே 100 கிராம் எண்ணும் சில பொருட்களில் தடுமாற வைக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊறுகாயில் 100 கிராமுக்குச் சோடியம் பல ஆயிரம் மில்லிகிராம் இருக்கும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் யாரும் 100 கிராம் ஊறுகாய் சாப்பிடுவதில்லை. ஒரு கரண்டி, பத்து கிராம் என்று பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். பிரெட்டில் இதற்கு நேர் எதிர். 100 கிராமுக்கு 400, 500 என்று சாதுவாக இருக்கும், நாக்குக்கு உப்பே தெரியாது. ஆனால் காலையில் நாலு துண்டு சாப்பிட்டால் கிட்டத்தட்ட 100 கிராமே உள்ளே போய்விடும். நாக்கை நம்பி உப்பைக் கணிக்க முடியாது. இனிப்பு பிஸ்கட்டில்கூடச் சோடியம் இருப்பதற்கு ஒரு காரணம், மாவு உப்பப் போடும் சோடா. சமையல் சோடா, அஜினோமோட்டோ, சில பதப்படுத்திகள் எல்லாமே சோடியச் சேர்மங்கள். அட்டவணையின் சோடியம் வரியில் இவை அனைத்தும் சேர்ந்தே வரும், அதுதான் அந்த வரியின் பலம்.

சூப் பொடி, ஸ்குவாஷ், கரைத்துக் குடிக்கும் பொடிகளில் அட்டவணை பொடிக்கா, கரைத்த பின் உள்ள பானத்துக்கா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு வித்தியாசம்கூட இருக்கலாம்.

‘குறைந்த சோடியம்’ என்று போட 100 கிராமில் 120 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நொறுக்குத்தீனி அலமாரியில் இதற்குள் வருவது மிகக் குறைவு. ‘சோடியம் குறைத்த உப்பு’ என்று தனியாக விற்பது வேறு சங்கதி. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அது உதவும். ஆனால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கும், உடம்பில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். மருத்துவரிடம் கேட்காமல் வீட்டு உப்பு டப்பாவை மாற்ற வேண்டாம்.

ஒவ்வாமை: இங்கே சர்விங் கணக்கு செல்லாது

சர்க்கரையிலும் உப்பிலும் கேள்வி ‘எவ்வளவு’ என்பது. ஒவ்வாமையில் கேள்வி ‘இருக்கிறதா’ என்பது மட்டும்தான். கடுமையான வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஒரு துணுக்கே போதும், உதடும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைக்கலாம். ஆகவே ஊட்டச்சத்து அட்டவணையை விட்டுவிட்டு, சேர்மானப் பட்டியலுக்கு அருகில் இருக்கும் இரண்டு வாசகங்களைத் தேட வேண்டும்.

‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வாசகம் கட்டாயமானது. இந்திய விதிப்படி அதில் வர வேண்டியவை: கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், இறால், நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் என்ற பதப்படுத்தி. இவற்றில் ஒன்றைப் போட்டிருந்தால் சொல்லியாக வேண்டும்.

‘மே கன்டெய்ன்’ என்பது வேறு. அந்தப் பொருளைச் சேர்க்கவில்லை, ஆனால் அதே இயந்திரத்தில் வேறு பண்டமும் ஓடுவதால் ஒட்டியிருக்கக்கூடும் என்று அர்த்தம். இதைப் போடலாம் என்றுதான் விதி இருக்கிறது, போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. இதிலிருந்து வரும் முடிவைப் பலர் தவறவிடுகிறார்கள்: அந்த வாசகம் இல்லாததால் கலப்பே இல்லை என்று உறுதி கிடையாது. ஒரு நிறுவனம் நேர்மையாகப் போட்டிருக்கலாம், இன்னொன்று போடாமல் விட்டிருக்கலாம். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் ‘மே கன்டெய்ன்’ என்பதை ‘இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் சமையலில் ஒளிந்திருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். கூட்டுப் பெருங்காயம். கடையில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் தூய பிசின் கொஞ்சம்தான். மீதி மைதாவோ கோதுமை மாவோ அரிசி மாவோ கோந்தோ சேர்த்துச் செய்தது. அரிசி முறுக்கில் கோதுமை ஏது என்று நினைத்து வாங்கும், குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்கு அந்தப் பெருங்காயம் வழியாகக் குளூட்டன் போய்ச் சேரும். சாம்பார் பொடி, ரசப் பொடி, தட்டை, மிக்சர் எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. ‘கன்டெய்ன்ஸ்’ வரியில் கோதுமை என்று இருந்தால், மைதா எங்கே என்று தேடிக் குழம்ப வேண்டாம், பெருங்காயமாக இருக்கலாம். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்ட பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சீலியாக் உள்ளவர்கள் நம்ப வேண்டியது அந்த வாசகத்தை. ‘அரிசியில் செய்தது’ என்ற விளம்பரத்தை அல்ல.

பட்டியலில் வேறு பெயரில் வருபவை இன்னும் உண்டு. கேசின், வே பவுடர், மில்க் சாலிட்ஸ் எல்லாம் பால். அல்புமின் முட்டையிலிருந்து வந்ததாக இருக்கலாம். லெசித்தின் பெரும்பாலும் சோயா. இதில் பால் ஒவ்வாமையையும் லாக்டோஸ் ஒவ்வாத வயிற்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. லாக்டோஸ் செரிக்காதவருக்கு வயிறு உப்பும், பேதியாகும், கொஞ்சம் பால் தாங்கலாம். பால் ஒவ்வாமை என்பது பால் புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைப்பது. ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பால் முதலாமவருக்கு உதவும். இரண்டாமவருக்கு அது மற்றப் பாலைப் போலவே ஆபத்து, ஏனென்றால் புரதம் அப்படியே இருக்கிறது. பச்சைப் புள்ளியும் இங்கே உதவாது. முட்டை சேர்க்கவில்லை என்று அது சொல்லும், பால் பற்றி ஒன்றும் சொல்லாது. பச்சைப் புள்ளி உள்ள கேக்கிலேயே ‘மே கன்டெய்ன் எக்’ என்றும் இருக்கலாம்.

எள் இந்தியாவின் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் கட்டாயமாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பட்டியலில் எள்ளும் கடுகும் இரண்டும் உண்டு. எள்ளுருண்டையும் முறுக்கும் இட்லிப் பொடியும் தின்னும் நம் ஊரில் இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். எள், கடுகு, கடலை மாவு ஒத்துக்கொள்ளாதவர்கள் ‘கன்டெய்ன்ஸ்’ வரியை மட்டும் படித்து நிறுத்த முடியாது. சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். ‘மசாலாப் பொருட்கள்’ என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால் அந்தப் பாக்கெட்டை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

இன்னொரு சிக்கல் மொழி. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழில் கூடுதலாகப் போடலாம், போட வேண்டியதில்லை. தமிழ் மட்டும் படிக்கும் பாட்டி பேரனுக்கு வாங்கிக் கொடுக்கும் பாக்கெட்டில், அவன் உயிரைக் காக்க வேண்டிய ஒரே வரி அவருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில், ஒத்துக்கொள்ளாத பொருளின் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிப் பாட்டியின் பையில் வைக்கலாம். எழுத்து வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்கவோ கடைக்காரரிடம் நீட்டிக் கேட்கவோ அது உதவும்.

ஒவ்வாமை உள்ள வீட்டில் பழக்கமாக்க வேண்டிய மூன்று:

1. அதே பிராண்ட், அதே பண்டம் என்றாலும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படியுங்கள். சேர்மானம் மாறும். பத்து ரூபாய்ப் பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் வேறு வேறு ஆலையில் தயாராகலாம்.

2. பண்டத்தை டப்பாவில் கொட்டிய பின்னும், தீரும்வரை பாக்கெட் உறையை வைத்திருங்கள்.

3. சாப்பிட்டபின் உதடு, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்போடு வாந்தி அல்லது மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மருத்துவர் முன்பே அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அதை உடனே போடுங்கள். உறையையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எது காரணம் என்று மருத்துவர் கண்டுபிடிக்கச் சேர்மானப் பட்டியல் வேண்டும். ‘கன்டெய்ன்ஸ்’ வரியில் அந்தப் பொருள் விடுபட்டிருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கவும் உறையில் இருக்கும் பேட்ச் எண் வேண்டும். அது இருந்தால்தான் அதே பேட்ச்சில் வந்த மற்ற பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற முடியும்.